வாழ்த்துகள், சரியான விடை!

எலக்ட்ரீஷியன் வேலை கற்பவர்களுக்கான ஒரு தமிழ் இ-லேர்னிங் பாடத்தில், சுவிட்ச் போர்டைத் திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதிய பகுதி தவறு. தவறு என்று தெரிந்த பிறகும் என் பில்லுக்குப் பணம் வரும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். நான் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எப்படி நடந்தது என்பதை விளக்க முடியும். இரண்டாவதற்கு விளக்கம் எதுவும் கிடையாது.

இந்த வேலையின் ஸ்கிரிப்ட் ஓர் அட்டவணை. ஒரு பத்தியில் ஸ்கிரீன் எண். அடுத்ததில் திரையில் தெரிய வேண்டிய எழுத்து. அதற்கடுத்ததில் பின்னணிக் குரல் பேச வேண்டியது. கடைசிப் பத்தி படம் வரைபவருக்கும் அனிமேஷன் செய்பவருக்கும் குறிப்பு. பாடம் முடிந்ததும் கேள்விகள் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் அடியில், விடையைத் தொட்டதும் திரையில் வரவேண்டிய ஃபீட்பேக் வரிகள். எனக்குக் கூலி குரல் ஓடும் நிமிடக் கணக்கில். ஃபீட்பேக்குக்குக் குரல் கிடையாது, அதனால் அதற்குக் காசும் கிடையாது. கேள்விகளை எழுதி முடிக்கும்போது அநேகமாக இரவாகியிருக்கும். முதல் கேள்விக்கு ‘வாழ்த்துகள், சரியான விடை!’ என்றும் ‘தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்’ என்றும் எழுதிவிட்டு, அந்த இரண்டு வரியையும் கடைசிக் கேள்விவரை ஒட்டிக்கொண்டே போவேன். பாடம் மாறும், தொழில் மாறும். பிளம்பர், தையல், பைக் மெக்கானிக் எதுவானாலும் அந்த இரண்டு வரி மட்டும் மாறாது.

மென்பொருளும் இதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஸ்டோரிலைனில் ஒரு கேள்வியைப் போட்டால் Correct, Incorrect, Try Again என்ற பெட்டிகளைத் தானே போட்டு, உள்ளே பொதுவான ஒரு வாசகத்தையும் நிரப்பித் தந்துவிடும். ஒவ்வொரு விடைக்கும் தனித்தனி ஃபீட்பேக் வேண்டுமென்றால் By Choice என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வசதி இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு வரிக்குப் பதில் நான்கு குட்டிப் பத்திகள் எழுத வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

பாடத்தின் உடம்பையும் சரியாக எழுதினேன் என்று சொல்லமுடியாது. குரல் சொல்வதையே முழு வாக்கியமாகத் திரையிலும் போட்டுவந்தேன். ‘மின் சாதனங்களில் பழுது நீக்கும் பணியைத் தொடங்குவதற்கு முன் பிரதான மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டியது அவசியமாகும்’ என்று திரையில் நிற்கும், குரலும் அதையே படிக்கும். வாடிக்கையாளருக்கு இது பிடிக்கும், ஏனென்றால் சரிபார்ப்பது சுலபம். கற்பவருக்கு இது இடைஞ்சல். தமிழில் குரல் நிமிடத்துக்கு 90, 100 சொல்லுக்கு மேல் போனால் பாடம் ஓட ஆரம்பித்துவிடும். கண் அதைவிட வேகமாகப் படித்துவிடும். படித்து முடித்தவர் மிச்ச நேரம் குரலுக்காகக் காத்திருக்கிறார், படத்தைப் பார்ப்பதே இல்லை. பேச்சையே எழுத்தாகவும் போட்டால் கற்பது குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகளாகச் சோதனை செய்து எழுதிவருகிறார். படத்தின் பக்கத்தில், தேவையான உறுப்புக்கு நேராக இரண்டு மூன்று சொல் மட்டும் போட்டால் அது உதவுகிறது என்பதும் அவர் கண்டதுதான். இதையெல்லாம் படித்தவன்தான் நான். வேறொருவர் எழுதிய ஸ்கிரிப்டைச் சரிபார்க்கும்போது இதைச் சொல்லித் திருத்தியும் இருக்கிறேன்.

இனி அந்தக் கேள்வி. மூல ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தில் வந்தது. தொழிற்சாலையில் பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு வேலை செய்பவர்களை மனதில் வைத்து யாரோ எழுதியது. நான் அதை வீட்டு வயரிங்குக்கு மாற்றித் தமிழாக்க வேண்டும். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றும் பாடம். முடிவில் நான் வைத்த கேள்வி இது:

ஃபேன் ரெகுலேட்டரை மாற்றும் முன் செய்ய வேண்டியது எது?
அ) ரப்பர் செருப்பு அணிதல்
ஆ) ஃபேன் சுவிட்சை அணைத்தல்
இ) மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுதல்
ஈ) மேற்கூறிய எதுவுமில்லை

எலக்ட்ரீஷியன் வேலையே தெரியாதவர்கூட இதில் ‘இ’யைத் தொட்டுவிடுவார். நீளமாக இருப்பது அது ஒன்றுதான். ‘உறுதி’ என்ற சொல்லும் அதில்தான் இருக்கிறது. தேர்வு எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு விடையை மோப்பம் பிடிக்க இவ்வளவு போதும்.

பாடம் வெளியாகிச் சில வாரம் கழித்து, அதைப் பயன்படுத்தும் ஒரு பயிற்சி மையத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் அறையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்போன் பாதிப் பேரிடம் இல்லை, ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தார்கள். அதாவது நான் நிமிடக் கணக்கில் கூலி வாங்கிய குரல் அந்த அறையில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. அவர்கள் Next பட்டனைத் தட்டிக்கொண்டே கேள்விக்கு வந்தார்கள். விடைகளில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பச்சை வரும்வரை போனார்கள். ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்ற என் வரியை அவர்கள் படிக்கவில்லை. சிவப்பைப் பார்த்தார்கள், மூடினார்கள், அடுத்ததைத் தொட்டார்கள். அதில் படிக்க என்ன இருந்தது?

ஒரு பையன் மட்டும் ‘இ’யைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பயிற்றுநர் பின்னால் வந்து நின்றதும் கேட்டான்: “சார், இன்வெர்ட்டர் இருக்கிற வீட்ல மெயினை ஆஃப் பண்ணாலும் ஃபேன் ஓடுமே சார்?”

“அது இந்த கோர்ஸ்ல இல்லடா. நீ ‘இ’யைப் போடு, மார்க் விழும்.”

அவன் போட்டான். பச்சை வந்தது. வாழ்த்துகள், சரியான விடை!

அந்தப் பயிற்றுநரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் என் வரிகளுக்குப் பொழிப்புரை சொன்னார், அவ்வளவுதான். என் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்வெட்டு வந்தால் ஒரு பீப் சத்தம் போட்டுவிட்டு லைட்டையும் ஃபேனையும் பேட்டரியில் ஓட்டும். மெயினை நாமே அணைத்தாலும் அதற்கு அது மின்வெட்டுதான், வித்தியாசம் தெரியாது. அந்த ஸ்கிரிப்டையே மின்வெட்டு இரவு ஒன்றில், அந்த இன்வெர்ட்டர் தந்த ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதியவன் நான். எனக்குத் தெரியாத விஷயம் அல்ல இது. மூலத்தில் இல்லாததால் என் கண்ணில் படவில்லை.

சிக்கல் என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து லைட், ஃபேன்களுக்குத் தனியாக ஒரு ஃபேஸ் கம்பி போகும். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் கண் இமைக்கும் நேரத்தில் பேட்டரிக்கு மாறி, அதே கம்பியில் வீட்டுக் கரண்டுக்குச் சமமான வோல்டேஜைக் கொடுக்கும். சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால்? பல இன்வெர்ட்டர்களில் முன்பக்கப் பட்டன் பேட்டரியைத்தான் நிறுத்தும். மெயின் கரண்ட் அதற்குள் புகுந்து அதே கம்பியில் நேராக வெளியே வரும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் இருப்பது சரியாக அந்தக் கம்பியில். நான் ஏசியையோ மோட்டாரையோ உதாரணமாக எடுத்திருந்தால் அவை பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது, தப்பித்திருப்பேன். ரெகுலேட்டரை எடுத்தேன்.

மெயினை அணைத்ததும் ஃபேன் சுழன்று மெல்ல நின்றுவிடும் என்று அனிமேஷன் குறிப்பும் எழுதியிருந்தேன். படம் வரைந்தவர் அதை அழகாகவே செய்திருந்தார்.

டெஸ்டரால் சோதிக்கச் சொல்லித்தானே இருந்தேன், அதில் பிடிபட்டிருக்காதா என்று கேட்கலாம். நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். நியான் டெஸ்டர், அதாவது நாம் ஸ்குரூ டிரைவராகவும் பயன்படுத்துகிற அந்தச் சின்னக் கருவி, நம் உடம்பு வழியாக மிகச் சிறிய கரண்டை விட்டு எரிகிறது. பின்னாலிருக்கும் உலோகத்தில் விரல் பட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் ஒளி மங்கிப்போகும். ஜன்னல் வெயிலில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது. உள்ளே விளக்கு பழுதாகியிருந்தாலும் எரியாது. அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். எரியாததை வைத்துக் கரண்ட் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு டெஸ்ட் லேம்போ மல்டிமீட்டரோ வேண்டும். அதையும் முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதித்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனை எதற்கென்றால், நடுவில் கருவியே கெட்டுப்போயிருந்தாலும் அது ‘கரண்ட் இல்லை’ என்றுதான் காட்டும். எர்த்துக்கும் சேர்த்துப் பார்ப்பது எதற்கென்றால், நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்திருந்தால் ஃபேஸில் கரண்ட் இருந்தும் லேம்ப் எரியாது. இவ்வளவையும் நான் ‘டெஸ்டரால் சோதித்து’ என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை மறுபடி எழுதினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் என் பிழை இன்வெர்ட்டரோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. தவறான விடைகளை நான் நினைத்துப் பார்த்து எழுதியதே இல்லை. நான்கு கட்டத்தை நிரப்ப எழுதினேன். ஒரு பையன் ‘ஆ’வைத் தொடுகிறான் என்றால் அவன் மனதில் ஒரு காரணம் இருக்கிறது: சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கிறது, ஆகவே கரண்ட் போய்விட்டது. அவன் அப்பாவும் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனும் அப்படிச் செய்வதை அவன் பார்த்திருக்கலாம். அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாத ஃபீட்பேக், எத்தனை முறை முயற்சிக்கச் சொன்னாலும் அவனை அசைக்காது. அடுத்த பட்டனுக்குத்தான் அனுப்பும்.

புதிய கேள்வி இப்படி வந்தது:

இன்வெர்ட்டர் உள்ள வீடு. ஹாலில் ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டீர்கள். அடுத்து?
அ) ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போர்டைத் திறப்பேன்
ஆ) ஃபேன் சுவிட்சையும் ஆஃப் செய்துவிட்டுத் திறப்பேன்
இ) டெஸ்டர் வைத்துப் பார்த்து, எரியாவிட்டால் தொடங்குவேன்
ஈ) இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, டெஸ்ட் லேம்பில் பார்ப்பேன்

நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். நான்கையும் யாராவது ஒருவர் நிஜமாகவே செய்கிறார். ‘மேற்கூறிய எதுவுமில்லை’யை எடுத்துவிட்டேன். அதை யாரும் வேலையில் செய்வதில்லை.

பிறகு ஃபீட்பேக். ‘அ’வுக்கு: ‘செருப்பு காலுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஒரு கை ஃபேஸ் கம்பியிலும் மறு கை உலோகப் பெட்டியிலும் பட்டால் கரண்ட் மார்பு வழியாகப் போகும், காலுக்கு வராது. மெயின் அணைந்த பிறகும் இந்த ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?’

‘ஆ’வுக்கு: ‘ஃபேன் நிற்கும். ஆனால் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்குப் போகும் ஃபேஸ் கம்பி அதே பெட்டிக்குள் இருக்கிறது. ஃபேன் சுவிட்ச் அதை நிறுத்தாது. உங்கள் விரல் போகப்போவது அந்தப் பெட்டிக்குள்தான்.’

‘இ’க்கு: ‘டெஸ்டர் எரிந்தால் கரண்ட் உண்டு. எரியாவிட்டால்? ஸ்டூல் பிளாஸ்டிக்காக இருக்கலாம், வெயிலில் ஒளி தெரியாமல் போயிருக்கலாம், டெஸ்டரே கெட்டிருக்கலாம். எரியாததை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.’

சரியான விடைக்கு எழுதுவதுதான் அதிக நேரம் எடுத்தது. குருட்டாம்போக்கில் சரியாகத் தொட்டவனும் இதைத்தான் படிக்கப்போகிறான், ஆகவே அவனுக்கும் காரணம் தெரிய வேண்டும். ‘சரி. மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால் மெயினிலிருந்து வரும். இரண்டையும் அணைத்த பிறகும் டெஸ்ட் லேம்பில் பார்த்தால்தான் நிச்சயம்.’ வாழ்த்துகளை எடுத்துவிட்டேன். ஒருவர் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றத் தயாராகிவிட்டார் என்பதற்கு வாழ்த்து என்ன வேண்டிக்கிடக்கிறது!

நீளத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பாடங்களைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். ஃபீட்பேக் பெட்டி திரையில் பாதிதான். மூன்று நான்கு குட்டி வாக்கியத்துக்கு மேல் போனால் உள்ளேயே உருட்டிப் படிக்க வேண்டும், யாரும் உருட்டுவதில்லை. ‘முயற்சிக்கவும்’, ‘அணைக்கவும்’ என்று நோட்டீஸ் பலகை பாணியில் எழுதிவந்ததையும் இந்த முறை விட்டேன். தப்பாகத் தொட்டவனிடம் பேசும்போது எதிரில் நிற்பவனிடம் பேசுகிற மாதிரி பேசினால்தான் அவன் படிக்கிறான்.

பாடத்திலும் ஒரு ஸ்கிரீனை மாற்றி எழுதினேன். திரையில் மெயின் சுவிட்சின் படத்துக்கு மேல் ‘ஆஃப்’ என்றும், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனுக்கு மேல் ‘கரண்ட்: பேட்டரியிலிருந்து’ என்றும் மட்டும். குரல்: ‘மெயினை ஆஃப் செய்தீர்கள். ஃபேன் நிற்கவில்லை, பாருங்கள். சில நேரம் வீட்டுக்காரர் ஃபேன் சுவிட்சை முன்பே அணைத்திருப்பார், அப்போது இந்த அடையாளமும் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் வேலை செய்யும் வீட்டில் நுழைந்ததும் முதலில் கேளுங்கள்: இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது?’

இவ்வளவையும் எழுதி முடித்து கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். அனுப்பவில்லை. முந்தைய வேலைக்கான பில் அப்போது நிலுவையில் இருந்தது. ‘நான் தந்த ஸ்கிரிப்டில் பாதுகாப்புப் பிழை இருக்கிறது’ என்று இன்று எழுதினால் பணம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். மூல ஸ்கிரிப்டிலேயே இல்லை, என் ஸ்கிரிப்டை ஒரு நிபுணர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று காரணங்களும் தயாராக இருந்தன. அவை எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வியைக் காதால் கேட்டது நான் ஒருவன்தான். நிபுணர் அந்த அறையில் இல்லை. பணம் வங்கியில் ஏறிய மறுநாள் காலையில், வேலை தந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தாமதத்துக்குக் காரணமாக, இப்போதுதான் கவனித்தேன் என்று எழுதினேன். அது பொய்.

நிறுவனம் மறுக்கவில்லை. கேள்வியையும் ஃபீட்பேக்கையும் உடனே மாற்றித் தந்தார்கள். அவை வெறும் எழுத்து, மாற்றிப் பாடத்தை மறுபடி ஏற்றினால் போதும். இந்தக் கேள்வியில் தவறினால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி கிடையாது என்று வைக்கச் சொன்னேன். பத்தில் எட்டு எடுத்தால் போதும் என்ற விதியில், இதை மட்டும் தவறவிட்டு ஒன்பது எடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட முடியும் அல்லவா? அதற்கும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முன்பே படித்து முடித்தவர்கள் பெயருக்கு நேராக ‘முடித்தார்’ என்று பதிவாகிவிட்டது. அவர்களைத் திரும்ப அழைக்க யாருக்கும் வழி இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. அவர்களில் எத்தனை பேர் இப்போது வீடு வீடாகப் போர்டு திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

குரலையும் அதோடு ஓடும் அனிமேஷனையும் மாற்றவில்லை. அதற்கு ஸ்டூடியோ, பேசியவரின் தேதி, மறுபடி ஒத்திசைவு என்று செலவு வரும். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் பாடத்தில் ஃபேன் இன்னமும் மெயினோடு சேர்ந்து மெல்ல நிற்கிறது, ‘இப்போது மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டது’ என்று என் வாக்கியத்தைக் குரல் தெளிவாக வாசிக்கிறது. அதற்கு அடுத்த ஸ்கிரீனில் என் ஃபீட்பேக், அது உண்மையல்ல என்கிறது.